உப்பு வாங்கும்போது வருமானம் எங்கே போகிறது?

(லால்குடியில் நிகழ்த்திய பொருளியல் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1930 ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 30 அன்று அங்கே உப்பு எடுத்த ராஜாஜி கைதானார். இந்த வரலாறு நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருக்கும் ஒரு கணக்கை இன்று எடுத்துக்கொள்கிறேன். அன்றைய அரசு நிலத்துக்கு வரி போட்டது, வருமானத்துக்கு வரி போட்டது, கள்ளுக்கும் போட்டது. அத்தனை வரிகள் இருக்க, காந்தி உப்பு வரியைத் தேர்ந்தெடுத்தார். தண்டி யாத்திரைக்கு முன் 1930 மார்ச் 2 அன்று வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன காரணம் இதுதான்: ஏழை பணக்காரனைவிட அதிகமாக உண்ண வேண்டியிருக்கும் ஒரு பொருள் உப்பு, ஆகவே அந்த வரி ஏழைமீதுதான் மிகக் கனமாக விழுகிறது. அரசியல் முழக்கமாகத் தோன்றும் இந்த வாதத்துக்குள் ஒரு துல்லியமான பொருளியல் கூற்று இருக்கிறது. வருமானம் கூடினாலும் குறைந்தாலும் வாங்கும் அளவு மாறாத பொருள் என்று ஒன்று உண்டு என்பது அது. பொருளியலார் இதை ‘குவாசி லீனியர்’ பயன்பாடு என்ற வடிவத்தில் எழுதுகிறார்கள். தமிழில் ‘பாதி நேர்கோட்டுப் பயன்பாடு’ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வடிவத்தில் வருமானம் எப்படிக் கணக்கிலிருந்து நழுவுகிறது, நழுவியபின் உப்பு வரியைப் பற்றி அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் இன்றைய பொருள்.

வடிவத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்: U = v(x) + m. இதில் x என்பது மாதத்துக்கு வாங்கும் உப்பு. m என்பது உப்பு வாங்கியபின் மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சும் பணம். v(x) என்பது அந்த உப்பால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பயன். அதை ரூபாயிலேயே அளக்கிறோம். இரண்டு பகுதிகளும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. உப்பின் பகுதி வளைந்தது: முதல் அரைக்கிலோவில் இருக்கும் அவசியம் நான்காவது அரைக்கிலோவில் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிதான் இது. பணத்தின் பகுதி நேர்கோடு: பத்தாயிரத்தோடு ஒரு ரூபாய் சேர்ந்தாலும் லட்சத்தோடு ஒரு ரூபாய் சேர்ந்தாலும் பயன் ஒன்றால்தான் கூடுகிறது. ஒரு பாதி வளைவு, மறு பாதி நேர்கோடு. பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லால்குடியில் நான்கு பேர் உள்ள வீடு, மாத வருமானம் 10,000 ரூபாய். கடையில் அரைக்கிலோ உப்புப் பொட்டலம் 10 ரூபாய். மாதத்தின் முதல் பொட்டலம் குழம்புக்கும் சோற்றுக்கும் போகிறது. அது இல்லாமல் வாயில் எதையும் வைக்க முடியாது. அதற்காக இந்த வீடு 45 ரூபாய் வரை கொடுக்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பொட்டலமும் அன்றாடச் சமையலுக்குத்தான், ஆனால் கொஞ்சம் தாராளமாக. அதன் மதிப்பு 35. மூன்றாவது மோருக்கும் வடகத்துக்கும் போகிறது, மதிப்பு 25. நான்காவது ஊறுகாய்க்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது, மதிப்பு 15. ஐந்தாவது வாங்கினால் ஜாடியில் கிடந்து கசியும். அதன் மதிப்பு 5. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, ஆனால் அவை இறங்கிவரும் முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தும். இந்த வீடு எத்தனை பொட்டலம் வாங்கும்? ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கேள்வி ஒன்றே: இது தரும் பயன், இதற்காகக் கைவிடும் 10 ரூபாயின் பயனைவிடக் கூடுதலா? நான்காவதில் 15 என்பது 10-ஐவிடக் கூடுதல், வாங்கலாம். ஐந்தாவதில் 5 என்பது 10-ஐவிடக் குறைவு, வேண்டாம். ஆக நான்கு பொட்டலம், இரண்டு கிலோ, 40 ரூபாய். கிடைத்த பயன் 45, 35, 25, 15 சேர்ந்து 120. கொடுத்தது போக மிச்சம் 80. இந்த 80-ஐத்தான் நுகர்வோர் உபரி என்கிறோம்.

அடுத்த தெருவில் இன்னொரு வீடு. அங்கேயும் நான்கு பேர், சமையலில் அதே பழக்கம், ஆனால் மாத வருமானம் 1,00,000 ரூபாய். அந்த வீட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்காவது பொட்டலத்தின் மதிப்பு 15, விலை 10, வாங்குகிறார்கள். ஐந்தாவதன் மதிப்பு 5, விலை 10, விட்டுவிடுகிறார்கள். அதே இரண்டு கிலோ, அதே 40 ரூபாய், அதே 80 ரூபாய் உபரி. முதல் வீட்டிடம் மீதி 9,960 ரூபாய், இரண்டாவது வீட்டிடம் 99,960 ரூபாய். வித்தியாசம் முழுவதும் m-இல் போய் உட்கார்ந்துவிட்டது. கணக்கில் எந்த இடத்திலும் வருமானத்தைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் வரவில்லை என்பதுதான் விஷயத்தின் மையம். பலரும் சட்டென்று சொல்லும் விடை, “உப்பு அத்தியாவசியம், அதனால்தான்” என்பது. அது போதாது. அரிசியும் அத்தியாவசியம்தான், ஆனால் அரிசி வருமானத்தைப் பார்க்காமல் இருப்பதில்லை. உண்மையான காரணம் உப்பின் பக்கத்தில் இல்லை, பணத்தின் பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாவது பொட்டலத்தை எதிர்த்து நிற்பது 10 ரூபாய். அந்த 10 ரூபாயின் பயன் எவ்வளவு பணம் வைத்திருப்பவருக்கும் 10-தான் என்று நாம் நேர்கோட்டால் கட்டிவிட்டோம். ஒருவேளை அப்படிக் கட்டாமல், பணம் சேரச் சேர அடுத்த ரூபாயின் பயன் குறைகிறது என்று வைத்திருந்தால் கதை மாறும். லட்ச ரூபாய் வீட்டுக்கு அந்த 10 ரூபாய் வெறும் 4-ஆகத் தோன்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 5 மதிப்புள்ள ஐந்தாவது பொட்டலமும் வண்டியேறும். அதாவது வருமானம் உயர்ந்தால் ஒரு பொருளை அதிகம் வாங்குவது பெரும்பாலும் அந்தப் பொருளின்மேல் ஆசை புதிதாகப் பிறந்ததால் அல்ல. கொடுக்கும் ரூபாய் லேசாகிவிட்டதால். ரூபாய் லேசாகாத உலகத்தைத்தான் நேர்கோடு வரைகிறது. நெய்யோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். வருமானத்தில் நூற்றுக்கு மூன்று பங்கை நெய்க்கு ஒதுக்கும் பழக்கம் இருந்தால், கிலோ 600 ரூபாய் விலையில் முதல் வீடு அரைக்கிலோவும் இரண்டாவது வீடு ஐந்து கிலோவும் வாங்கும். அங்கே வருமானம் முன்வாசல் வழியாகவே உள்ளே வருகிறது.

நேர்கோட்டை நாமே வரைந்துவிட்டு வருமானம் காணாமல் போய்விட்டது என்று வியப்பது வித்தைக்காரர் வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியான தம் ‘பொருளியல் கோட்பாடுகள்’ நூலில் ஒரு விடை வைத்திருந்தார். ஒரு தனிப் பொருளுக்குச் செலவாவது ஒருவரின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்காக இருக்கும்போது, அதன் விலை ஏறி இறங்குவதால் அவருடைய பணத்தின் இறுதிநிலைப் பயன் குறிப்பிடும்படி மாறாது என்பது அவர் வாதம். பின்னால் 1915-இல் ரஷ்யப் பொருளியலார் யூஜின் ஸ்லட்ஸ்கி இதையே சுத்தமாகப் பிரித்துக் காட்டினார். விலை ஏறினால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, மற்ற பொருள்களோடு ஒப்பிட இந்தப் பொருள் விலை மிகுந்ததாகிறது. இது பதிலீட்டு விளைவு. மற்றொன்று, வாங்குபவர் அந்த அளவுக்கு ஏழையாகிறார். இது வருமான விளைவு. இரண்டாவதன் பருமன், அந்தப் பொருளை அவர் எவ்வளவு வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது.

நம் வீட்டில் இதை அளந்து பார்க்கலாம். உப்பு கிலோவுக்கு 20 ரூபாயிலிருந்து 32 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். பழைய இரண்டு கிலோவையே வாங்கினால் மாதம் 24 ரூபாய் கூடுதல் செலவு. 10,000 ரூபாய் வருமானத்தில் இது நூற்றுக்கு 0.24 பங்கு. வருமானம் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் உப்பையும் குறைக்கும் வீடு என்று, நம் வாதத்துக்குப் பாதகமாகவே வைத்துக்கொண்டால்கூட, வருமான விளைவால் குறையும் உப்பு ஏறக்குறைய ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி. விலையேற்றத்தால் நேரடியாகக் குறையப்போவது முழு அரைக்கிலோ என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம். ஐந்து கிராமை விட்டுவிட்டு அரைக்கிலோவைப் பேசுவதில் பிழை ஒன்றும் இல்லை. 1976-இல் ராபர்ட் வில்லிக் என்ற அமெரிக்கப் பொருளியலார் இந்தப் பிழையின் எல்லையைப் பொதுவாகவே கணக்கிட்டுக் காட்டினார். செலவுப் பங்கு சிறிதாக இருக்கும்வரை, நுகர்வோர் உபரியைக் கூச்சமின்றிப் பயன்படுத்தலாம் என்பது அவர் கண்ட முடிவு.

இதே தர்க்கம் அரிசியில் ஏன் உடைகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஏழை வீட்டில் அரிசி சிறு பங்கு அல்ல; செலவின் நடுத்தூணே அதுதான். அரிசி விலை ஏறினால் அந்த வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் கனத்துவிடும். ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் இருவரும் சீனாவின் ஹூனான் மாகாணத்து ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் மானியம் கொடுத்துச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அரிசி மலிவானபோது அந்தக் குடும்பங்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டன. மிச்சமான பணத்தில் வேறு உணவு வாங்கின. வருமான விளைவு அங்கே விலையின் நேர் விளைவையே கவிழ்த்துவிட்டது. காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் இந்த ஊரில் அரிசிக்குப் பாதி நேர்கோட்டு வடிவத்தைப் போட்டு யாராவது கணக்கு எழுதினால், பக்கத்தைத் திருப்பாமலே தள்ளிவிடலாம். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் அந்த வடிவம் சரி.

உப்புக்கும்கூட ஒரு தரை உண்டு. நம் கணக்கில் நான்கு பொட்டலத்துக்கு 40 ரூபாய் தேவை. கையில் மொத்தமே 30 ரூபாய் இருக்கும் வீட்டால் மூன்றுதான் வாங்க முடியும். அப்போது m பூஜ்யம். அந்த வீட்டுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அது முழுதும் உப்புக்கே போகும். அதன்பிறகு வரும் ரூபாயில் ஒரு காசுகூட உப்புக்குப் போகாது. வருமானத்துக்கும் உப்புக்கும் கோடு வரைந்தால் 40 ரூபாய் வரை ஏறி, பிறகு படுத்துவிடும். “வருமானத்தைப் பார்க்காது” என்ற கூற்று படுத்த பகுதிக்கு மட்டுமே உரியது. 40 ரூபாய்கூட இல்லாத வீடு எங்கே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உப்பின் இடத்தில் சமையல் எரிவாயு சிலிண்டரை வைத்துப் பாருங்கள். வருடத்தில் பன்னிரண்டு சிலிண்டர் வேண்டிய வீடு பணமில்லாமல் நான்கோடு நிறுத்தி விறகுக்குப் போகுமானால், அது ஏறுகின்ற பகுதியில்தான் நிற்கிறது. ஆய்வாளர்கள் படுத்த பகுதியின் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு ஏறும் பகுதியில் வாழ்பவர்களைப் பற்றி எழுதும்போதுதான் இந்த வடிவத்துக்குக் கெட்ட பெயர் வருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். வருமானத்தைப் பார்க்காத பொருள் என்றால் விலையையும் பார்க்காது என்று நினைத்துவிடுகிறோம். உப்பு வரியை ஆதரித்த அதிகாரிகளின் நம்பிக்கையும் ஏறத்தாழ இதுதான்: எப்படியும் உண்ணத்தான் போகிறார்கள், வரி போட்டால் என்ன? அந்நாளில் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது 37 கிலோவுக்குச் சற்று மேல், இத்தனை ரூபாய் என்று வரி இருந்தது. (அரசு கணக்கிட்டது இந்திய மணங்கில், சென்னை மாகாணத்துப் பழைய மணங்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் இதில் தடுக்கி விழுவதுண்டு.) 1888-இல் அந்த வரியை 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய் ஆக்கினார்கள். 1902-இல் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் வரவு செலவு விவாதத்தில் பேசிய கோபால கிருஷ்ண கோகலே இந்த வரியைக் குறைக்கச் சொல்லி வாதாடினார். வரியேற்றம் மக்களின் உப்பு நுகர்வையே அழுத்திவிட்டது என்று எண்களோடு காட்டினார். 1903-இல் வரி 2 ரூபாய்க்கும், 1905-இல் ஒன்றரைக்கும், 1907-இல் ஒரு ரூபாய்க்கும் இறங்கியது. உப்பு நுகர்வு ஏறியது. உப்பு விலையைப் பார்க்கிறது.

நம் வீட்டில் அதைப் பார்ப்போம். பொட்டலத்துக்கு 6 ரூபாய் வரி போட்டு விலை 16 ஆகிறது. நான்காவது பொட்டலத்தின் மதிப்பு 15. இனி அது வாங்கத்தக்கதல்ல. ஊறுகாயும் மாடும் கைவிடப்படும். மூன்று பொட்டலத்துக்கு 48 ரூபாய் கொடுத்து 105 ரூபாய்ப் பயனை வாங்குகிறார்கள், உபரி 57. முன்பு 80. இழப்பு 23 ரூபாய். அரசுக்குக் கிடைத்த வரி மூன்று ஆறு பதினெட்டு. மீதி 5 ரூபாய் எங்கே? வாங்காமல் போன நான்காவது பொட்டலம் 10 ரூபாய் விலையில் தந்திருக்கக்கூடிய லாபம் அது. வீட்டுக்கும் இல்லை, கஜானாவுக்கும் இல்லை. லட்ச ரூபாய் வீட்டிலும் எண்கள் அச்சாக இவையே: இழப்பு 23, வரி 18, வீண் 5. வருமான விளைவு இல்லாததால் ஊரில் உள்ள எல்லா வீட்டின் 23-களையும் அப்படியே கூட்டி, ஊரின் மொத்த இழப்பு இவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஊர் வருமானம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிக்கவே வேண்டாம். பாலத்துக்குச் சுங்கம் போடலாமா என்ற கேள்வியை 1844-இல் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்பூயி கணக்குப் போட்டது இந்த வழியில்தான். கொள்ளிடத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டைக் கடந்து வந்திருக்கும் இந்த அவைக்கு அவருடைய கேள்வி புதிதாக இராது.

இவ்வளவு வசதியான கணக்கு கையில் இருந்தும் காந்தியின் வாதத்துக்கு அது என்ன பதில் சொல்கிறது? அவர் காலத்து எண்களில் போட்டுப் பார்ப்போம். 1923-இல் வைஸ்ராய் ரீடிங் பிரபு சட்டசபையின் எதிர்ப்பை மீறி வரியை இரண்டரை ரூபாயாக்கினார்; மறு ஆண்டே அது அதற்கு முன்பு இருந்த ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்கிவந்தது. 1930-இலும் மணங்குக்கு 1 ரூபாய் 4 அணாதான். தலைக்கு மாதம் அரைக்கிலோ என்று கொண்டால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வருடம் 30 கிலோ, அதாவது ஒரு மணங்கில் ஐந்தில் நான்கு பங்கு. அதன் வரி ஏறத்தாழ ஒரு ரூபாய். நாள்கூலி 4 அணா என்று வைத்தால், வயலில் நான்கு நாள் குனிந்து நிமிர்ந்த கூலி அது. மாதம் நூறு ரூபாய் சம்பாதிக்கும் திருச்சி வக்கீலுக்கும் அதே ஒரு ரூபாய்தான். அவருக்கு அது வருடத்து 1,200 ரூபாயில் ஒன்று. இருவருமே வாங்கும் அளவை வருமானம் தொடவில்லை என்பதால்தான் வரி தலைக்கணக்கில் சமமாகவும் வருமானக் கணக்கில் படுமோசமாகவும் விழுந்தது. நெய்க்கு வரி போட்டிருந்தால் வக்கீல் வீட்டில் கூடுதலாக விழுந்திருக்கும். காந்தி தொட்டது இந்த இடத்தை.

இங்கே ஒரு கூர்மையான ஆட்சேபம் உண்டு. பாதி நேர்கோட்டு வடிவத்தின்படி ஒரு ரூபாய் எல்லோருக்கும் ஒரே பயன் தருகிறது. அப்படியானால் கூலிக்காரர் இழந்த ஒரு ரூபாயும் வக்கீல் இழந்த ஒரு ரூபாயும் ஒன்றுதானே, காந்தியின் புகாருக்கு இடமெங்கே என்று கேட்கலாம். இதை ஒப்புக்கொள்ளும் பொருளியலாரும் உண்டு. அவர்கள் தவறு செய்கிறார்கள் என்பது என் துணிபு. அந்த வடிவம் ஒரே வீட்டுக்குள் நடக்கும் ஒப்பீடு. இந்தப் பொட்டலமா, இந்தப் பத்து ரூபாயா என்பதே அதன் கேள்வி. கூலி வீட்டின் கணக்கில் எல்லா எண்களையும் பத்தால் பெருக்கிப் பாருங்கள். பொட்டலங்களின் பயன் 450, 350, 250, 150, 50. பத்து ரூபாயின் பயன் 100. அந்த வீடு இப்போதும் நான்கு பொட்டலம்தான் வாங்கும், ஏனென்றால் 150 நூறைவிடக் கூடுதல், 50 குறைவு. கடைக்காரரின் பேரேட்டில் ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் ஒரு ரூபாய் பறிபோனால் அந்த வீட்டுக்கு நேரும் வலி பத்து மடங்காகிவிட்டது. உப்பு விற்பனைப் புள்ளிவிவரத்தை எத்தனை வருடம் திரட்டினாலும் அந்தப் பெருக்கல் எண் பத்தா ஒன்றா என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லா வீட்டின் 23-களையும் கூட்டி ஒரே மொத்தம் சொல்பவர், அந்த எண் எல்லா வீட்டுக்கும் ஒன்றே என்று தாமாக முடிவு செய்துவிட்டுத்தான் கூட்டுகிறார். அது அவருடைய தீர்ப்பு. தேவைக் கோடு அவருக்குச் சொன்னது அல்ல. இர்வினுக்குக் கடிதம் எழுதியவரின் தீர்ப்பு வேறு. இருவரும் ஒரே உப்பு விற்பனைக் கணக்கை ஒத்துக்கொண்டபடியே முரண்படலாம்.

சான்றின் பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும். ஏழையும் பணக்காரரும் ஒரே அளவு உப்பு உண்கிறார்கள் என்பது உண்மையா? காந்தியே ஏழை அதிகம் உண்ண வேண்டியிருக்கிறது என்றுதானே சொன்னார்? வெயிலில் வியர்த்து உழைப்பவருக்கு உப்பு கூடுதலாக வேண்டும். குழம்பும் காய்கறியும் குறைந்து சோறே பெரும்பகுதியான சாப்பாட்டுக்கும் கூடுதலாக வேண்டும். ஆனால் அது v-இன் வேறுபாடு, m-இன் வேறுபாடு அல்ல. அதே கூலிக்காரருக்கு லாட்டரியில் பணம் விழுந்து மறுநாளும் அவர் வயலுக்கே போனால் உப்பு மாறாது. பணம் விழாமலே ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தால் மாறும். வெவ்வேறு வீடுகளை ஒரே சமயத்தில் வரிசையாக நிறுத்தி அளக்கும்போது இந்த இரண்டும் கலந்துவிடும். இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. தேசிய மாதிரி ஆய்வு வீட்டுச் செலவைக் கேட்கும்போது உப்பு எத்தனை கிலோ என்றும் எத்தனை ரூபாய் என்றும் தனித்தனியாகக் கேட்கிறது. ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்தால் வருமானம் ஏற ஏற உப்புச் செலவு ஏறுவதுபோல் தெரியும். கல் உப்பு வாங்கிய வீடு தூள் உப்புப் பொட்டலத்துக்கு மாறியிருக்கிறது, அதற்கும் மேலே இந்துப்புக்குப் போயிருக்கிறது. கிலோ அங்கேயேதான் நிற்கும். ஆகவே ஒரு பொருள் வருமானத்தைப் பார்க்கிறதா என்று சோதிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அளவைக் கேட்கிறோமா, தரத்தைக் கேட்கிறோமா என்பதை.

அந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. உப்பு வரி 1947-இல் ஒழிந்தது; இன்று ஜி.எஸ்.டி.யிலும் சாதாரண உப்புக்கு வரி இல்லை. ஆனால் எந்தக் குணத்துக்காக ஓர் அரசு உப்பின்மேல் கை வைத்ததோ, அதே குணத்துக்காக இன்னொரு அரசு அயோடினைச் சேர்க்கத் தேர்ந்தெடுத்த பொருளும் உப்புதான். கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவர் நாளுக்கு 10 கிராம் உப்பு உண்டால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். பெரியவர் ஒருவரின் தினசரித் தேவை அதுவே. பாலிலோ நெய்யிலோ அயோடினைச் சேர்த்திருந்தால் வருமானத்துக்கு ஏற்பத் தாறுமாறாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அயோடின் கலக்காத கல் உப்பு பல கடைகளில் சாக்கில் கிடக்கிறது. அரசு மாதம் நூறு ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வீடு உண்ணும் உப்பின் கிலோ மாறாது. நம் கணக்கு அதை உறுதியாகச் சொல்லும். சாக்கிலிருந்து பொட்டலத்துக்கு அந்த வீடு மாறுமா என்பதை மாறாத கிலோவை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு இரண்டு உப்பையும் இரண்டு தனிப் பொருளாக எழுதி, இரண்டுக்குமான விலை வித்தியாசத்தை எதிரில் வைத்துக் கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். அந்தக் கணக்கில் வருமானம் திரும்பி வந்துவிடக்கூடும்.